மூன்று பெயரில் ஒரு சப்ளையர்

பம்பு தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் நடந்த விஷயம் இது. நிறுவனத்துக்கு ஒரு தலைமை அலுவலகமும் இரண்டு யூனிட்டுகளும் உண்டு. அங்கே கொள்முதல் அலுவலராக இருந்தவரை மாலதி என்று வைத்துக்கொள்வோம். சப்ளையரின் பெயரும் மாற்றப்பட்டதுதான். ஆனால் அந்தப் பெயர் எப்படியெல்லாம் பிழையாக ஏறியிருந்ததோ, அதே போக்கில்தான் இங்கே மாற்றியிருக்கிறேன். கதையே அந்தப் பிழைகளில்தான் இருக்கிறது.

பம்புக்குள் சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. ஆயில் சீல் என்பார்கள். விலை குறைவு, எண்ணிக்கை அதிகம். அது வராவிட்டால் அசெம்பிளி லைன் நின்றுவிடும். இதற்கான ஆண்டு விலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. பழைய ஒப்பந்தத்தில் ஒரு தள்ளுபடி விதி இருந்தது: ஆண்டுக்கு 20,000 சீலுக்கு மேல் வாங்கினால் மொத்தத் தொகையில் 4 சதவீதம், 40,000-க்கு மேல் போனால் 7 சதவீதம். ஆண்டு முடிவில் வாங்குகிறவர் கணக்கு காட்டிக் கேட்க வேண்டும். அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட்டைச் சப்ளையர் தருவார். பில்லிலேயே கழியும் தள்ளுபடி இல்லை இது. கேட்டால்தான் உண்டு.

மாலதி பேச்சுவார்த்தைக்கு முன், நிறுவனத்தின் கொள்முதலும் கணக்கும் ஓடும் ஈ.ஆர்.பி. மென்பொருளில் அந்த சப்ளையரின் ஆண்டுக் கொள்முதல் அறிக்கையை எடுத்தார். 18,400 சீல். முதல் படியைக் கூடத் தொடவில்லை. சரி, இந்த முறை படியை 15,000-க்கு இறக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று குறித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.

சப்ளையர் தரப்பில் வந்தவர் அனுபவசாலி. மாலதி படியை இறக்கச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு குழப்பம்.

"எதுக்கு மேடம் இறக்கணும்? நீங்கதான் நாப்பதாயிரத்தைத் தாண்டிட்டீங்களே."

மாலதி தன் காகிதத்தைப் பார்த்தார். "எங்க கணக்குல பதினெட்டாயிரத்துச் சொச்சம்தான் சார் இருக்கு."

"ஒரு யூனிட்டுக்கே அவ்வளவு வரும். வேணும்னா லெட்ஜர் அனுப்பறேன், நீங்களே பாருங்க."

விற்பவர் அளவைக் கூட்டிச் சொல்வது புதிதல்ல. ஆனால் கூட்டிச் சொன்னால் அவருக்குத்தான் நஷ்டம். 7 சதவீதம் அவர் கையிலிருந்து போகும். தனக்கே பாதகமான எண்ணை ஒருவர் தானாகச் சொன்னால் அதைச் சரிபார்க்காமல் விடக்கூடாது என்று மாலதிக்குத் தோன்றியது. லெட்ஜரை வாங்கிக்கொண்டார்.

லெட்ஜர் என்பது இங்கே முக்கியம். நம் நிறுவனத்தின் பெயரில் சப்ளையர் தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கும் கணக்கு அது. எந்த பில், எந்தத் தேதி, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று வரிசையாக இருக்கும். நாம் அவரை எத்தனை பெயரில் வைத்திருந்தாலும் பெரும்பாலும் அவர் நம்மை ஒரே வாடிக்கையாளராகத்தான் வைத்திருப்பார். மாலதி அதில் தன் அறிக்கையில் இல்லாத பில் எண் ஒன்றை எடுத்து, சப்ளையர் பெயரைத் தொடாமல், பில் எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினார். பில் கிடைத்தது, வேறொரு வெண்டர் கோடின் கீழே. ஒவ்வொரு சப்ளையருக்கும் ஈ.ஆர்.பி.யில் தரும் அடையாள எண்தான் வெண்டர் கோடு. இன்னொரு பில் எண்ணைக் கொடுத்தார். அது மூன்றாவது கோடின் கீழே போய் உட்கார்ந்திருந்தது.

திரையில் இருந்தவை இவை:

```
V01142   KATHIRAVAN SEALS
V02387   M/S KADIRAVAN SEALS
V03056   KATHIRVAN SEALS & GASKETS
```

முதல் கோடில் 18,400 சீல், இரண்டாவதில் 16,900, மூன்றாவதில் 9,300. கூட்டினால் 44,600. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே 20,000-க்குக் கீழே. ஒவ்வொரு ஆண்டும் யாரோ ஒருவர் அறிக்கை எடுத்து, தள்ளுபடி இல்லை என்று நேர்மையாகவே முடிவு செய்து, கோப்பை மூடியிருக்கிறார்கள்.

"இது உங்களுக்குத் தெரியும்தானே சார், ஏன் சொல்லல?" என்று மாலதி கேட்டபோது வந்த பதில்: "நீங்க கேக்கல மேடம்." ஒப்பந்தப்படி அவர் சொன்னது சரிதான்.

எப்படி மூன்று ஆனது என்பதைத் தேடியதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகத் தெரியவில்லை. முதல் கோடு தலைமை அலுவலகம் முறையாகத் திறந்தது. இரண்டாவது ஒரு யூனிட்டின் ஸ்டோர்ஸில் அவசரத்தில் பிறந்தது. சீல் தீர்ந்துபோன ஒரு நாள், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் திரையில் "KADIR" என்று தட்டித் தேடியிருக்கிறார். அந்தத் தேடல் பெயரின் முதல் எழுத்திலிருந்து அப்படியே பொருந்துவதை மட்டும் காட்டும் வகை. "KATHIR" என்று இருப்பது அதற்கு வேறு ஆள். ஒன்றும் வரவில்லை, அதனால் புதிய சப்ளையர் விண்ணப்பம் போட்டார். விண்ணப்பத்தை ஏற்றியவர் பில்லின் தலைப்பில் இருந்ததைப் போலவே முன்னால் "M/S" சேர்த்தார். அதோடு அந்தப் பெயர் அகரவரிசைப் பட்டியலில் K-யை விட்டு M-க்குப் போய்விட்டது. கண்ணால் பட்டியலை ஓட்டிப் பார்ப்பவருக்கும் இனி அது அகப்படாது.

மூன்றாவது யாரும் கையால் ஏற்றியதே இல்லை. இன்னொரு யூனிட்டில் பழைய கணக்கு மென்பொருள் இருந்தது. அதிலிருந்த சப்ளையர்களை ஈ.ஆர்.பி.க்கு மாற்றும்போது மொத்தமாக ஒரு எக்ஸெல் கோப்பில் ஏற்றினார்கள். பழைய மென்பொருளில் யாரோ ஒரு எழுத்தை விட்டுத் தட்டியிருந்தார்கள். அதுவும் அப்படியே வந்துவிட்டது. அப்புறம் ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்றால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் அந்த யூனிட்டுக்குத் திறந்துவிட்ட சப்ளையர்கள் மட்டும்தான் பி.ஓ. எனப்படும் கொள்முதல் ஆணை போடும் திரையில் தெரிவார்கள். ஆக மூன்று இடத்தில் மூன்று பேர் ஆளுக்கொரு கதிரவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் திரையில் அவர் ஒருவர்தான்.

வரிப் பதிவு எண்ணை வைத்து இரட்டைப் பதிவைத் தடுக்கும் வசதி அந்த ஈ.ஆர்.பி.யில் இருந்தது. அது ஏன் வேலை செய்யவில்லை? முதல் கோடில் எண் சரியாக இருந்தது. இரண்டாவதில் அதே எண், படிக்க வசதியாக நடுவில் சிறு கோடுகள் போட்டு ஏற்றப்பட்டிருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு எண்கள். மூன்றாவதில் "NA". காலியாக விட்டால் ஏறாது என்பதால் மாற்றும்போது எண் இல்லாதவர்கள் எல்லாருக்கும் "NA" போட்டிருக்கிறார்கள். நிரலைக் கேட்டால் இரட்டைப் பதிவு எதுவும் இல்லை என்றுதான் சொல்லும்.

இந்த இடத்தில் மாலதி செய்தது எனக்குப் பிடித்தது. மூன்றும் ஒருவரே என்று லெட்ஜர் சொன்னபோதும், உடனே இணைக்கப் போகாமல், வங்கிக் கணக்கு எண்களைத் தனியே எடுத்தார். ஒரே சப்ளையரைச் சற்று மாற்றிய எழுத்தில் இன்னொரு முறை திறந்து, அதில் தன் ஆளின் வங்கிக் கணக்கைப் போட்டுப் பணத்தைத் திருப்புவது கொள்முதலில் பழைய மோசடி. எழுத்துப்பிழை மாதிரித் தெரிவதுதான் அதற்கு முகமூடி. முதல் இரண்டு கோடுகளிலும் ஒரே கணக்கு எண். மூன்றாவதில் வேறு எண், வேறு வங்கி.

உள்தணிக்கைக்குச் சொல்லிவிட்டு மூன்று விஷயம் பார்த்தார்கள். V03056-இன் மாற்றப் பதிவேட்டில் வங்கி எண் எப்போது, யாரால் ஏறியது? மொத்தமாக மாற்றிய அன்று ஏறியதுதான், அதன் பிறகு யாரும் தொடவில்லை. மோசடியில் பெரும்பாலும் நடுவில் ஒரு நாள் எண் மாறியிருக்கும், மாறிய சில நாளில் பெரிய பில் ஒன்று போயிருக்கும். அந்தத் தடம் இங்கே இல்லை. அடுத்தது, அந்தக் கோடைப் பயன்படுத்திப் பி.ஓ. போட்டவரும் பணம் அனுப்ப அனுமதித்தவரும் ஒருவரா? இல்லை. கடைசியாக, சப்ளையரிடமே கேட்டார்கள். கேட்கும்போது V03056-இல் இருந்த தொலைபேசி எண்ணுக்குப் போடவில்லை. கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருந்த எண்ணுக்குப் போட்டார்கள். சந்தேகப்படும் பதிவில் இருக்கும் எண்ணுக்கே போன் போட்டால், எடுப்பவரும் அதே சந்தேகத்துக்குரியவராக இருக்கலாம் அல்லவா? பதில் எளிமையானது: அது அவர்களுடைய பழைய கணக்கு, இன்னும் மூடவில்லை. லெட்ஜரைப் பார்த்தால் அந்தப் பணமெல்லாம் வரவு வைக்கப்பட்டும் இருந்தது. பயம் தீர்ந்தது.

ஆனால் லெட்ஜரை வரி வரியாக ஒப்பிட்டதில் வேறொன்று அகப்பட்டது. ஒரே தொகை, 19 நாள் இடைவெளியில், இரண்டு முறை வரவு. முதல் வரவுக்கு எதிரே பில் எண் 0716. இரண்டாவதற்கு எதிரே பில் எதுவும் இல்லை. "ஆன் அக்கவுண்ட்" என்று மட்டும். பணம் வந்தது, எதற்கு என்று தெரியவில்லை, ஓரமாக வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டு முறை பணம் போகாமல் காக்கப் பெரும்பாலான நிறுவனங்களில் இரண்டு அரண்கள் இருக்கும். ஒன்று, பி.ஓ., சரக்கு வந்ததற்கான ஜி.ஆர்.என்., பில் மூன்றும் பொருந்த வேண்டும் என்ற விதி. இன்னொன்று, அதே பில் மறுபடி ஏறினால் எச்சரிக்கும் நிரல். 0716 இரண்டையும் எப்படித் தாண்டியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சரக்கு அவசரத்தில் போனில் கேட்டு வாங்கியது. வண்டி யூனிட்டுக்கு வந்தது, கூடவே பில்லின் தாள் பிரதியும் வந்தது. ஸ்டோர்ஸ் V02387-இல் பி.ஓ. போட்டு, ஜி.ஆர்.என். போட்டு, பில்லை ஏற்றியது. மூன்றும் பொருந்தின, பணம் போனது. இதில் குறை ஒன்றுமில்லை. அதே பில்லின் பி.டி.எஃப். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போயிருந்தது; சப்ளையரின் கணினி தானாக அனுப்புவது அது. அங்கே அக்கவுண்ட்ஸில் இருந்தவர் V01142-இல் பி.ஓ. தேடினார். இல்லை. அந்த சப்ளையர் அடிக்கடி போனில் ஆர்டர் வாங்குவது எல்லாருக்கும் தெரியும் என்பதால், பி.ஓ. இல்லாத பில்லாக ஏற்றி, மேலதிகாரியின் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். பி.ஓ. இல்லாத பில்லுக்கு ஜி.ஆர்.என். கேட்கப்படாது. முதல் அரண் அங்கேயே திறந்துவிட்டது.

இரண்டாவது அரண் பில் எண்ணையும் தேதியையும் தொகையையும் ஒப்பிடும், ஆனால் ஒரே வெண்டர் கோடுக்குள் மட்டும். இரண்டு வேறு சப்ளையர்கள் ஒரே எண்ணில் பில் போடுவது சகஜம், அதனால் அப்படித்தான் அமைத்திருப்பார்கள். கோடு இரண்டாகப் பிரிந்த உடனே இந்த அரணுக்குக் கண் போய்விட்டது. போதாக்குறைக்கு, ஒரு இடத்தில் "0716" என்றும் இன்னொரு இடத்தில் "KS/0716" என்றும் தட்டியிருந்தார்கள். ஒரே கோடாக இருந்திருந்தாலும் தப்பியிருக்கலாம். இதனால்தான் இரட்டைப் பில்லைத் தேடும்போது எண்ணை மட்டும் நம்பக்கூடாது. தொகையும் தேதியும் ஒன்றாக இருக்கும் ஜோடிகளை, சப்ளையர் யார் என்று பார்க்காமல் எடுத்து, அதன் பிறகு பெயரைப் பார்க்க வேண்டும்.

பணத்தைத் திரும்ப வாங்குவதில் சிரமம் இருக்கவில்லை. அடுத்த பில்லில் கழித்துக்கொண்டார்கள். ஆன் அக்கவுண்டில் எழுதி வைத்திருந்த சப்ளையர் நேர்மையானவர். எழுதி வைக்காதவராக இருந்தால் லெட்ஜரிலும் தடம் இருந்திருக்காது.

அடுத்து இணைப்பு வேலை. இதைப் பலரும் "இரண்டை அழித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வது" என்று நினைக்கிறார்கள். அழிக்க முடியாது. பழைய பி.ஓ., பில், வரிக் கணக்கு எல்லாம் அந்தக் கோடில் தொங்குகின்றன. தணிக்கைக்கு அவை அப்படியே இருக்க வேண்டும். செய்யக்கூடியது, இரண்டு கோடுகளை மெல்ல வடியவிட்டு, வடிந்த பிறகு பூட்டுவது.

எதை வைத்துக்கொள்வது என்பதில் ஒரு வேடிக்கை. V01142-ஐ வைப்பது என்று முடிவானது. ஒப்பந்தம் அதில் இருந்தது, வரி எண் சரியாக இருந்தது. பெயரையும் உறுதி செய்துகொள்ளலாம் என்று வரிப் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கினால், அதில் இருந்தது "Kathiravan Seals and Gaskets". மூன்றில் ஒன்றுகூட முழுசாகச் சரியில்லை. எழுத்து முதல் கோடில் சரி, பெயரின் பின்பாதி மூன்றாவது கோடில்தான் கிட்டத்தட்டச் சரி. சான்றிதழில் உள்ளபடியே V01142-இன் பெயரைத் திருத்தினார்கள். பில்லின் தலைப்பையோ விசிட்டிங் கார்டையோ பார்த்து ஏற்றினால் இதுதான் கதி. அவற்றில் கடைக்காரர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அதுதான் இருக்கும்.

பூட்டும் வரிசையில்தான் ஒரு நாள் சறுக்கியது. முடிவு எடுத்த அன்றே அக்கவுண்ட்ஸில் ஒரு இளைஞர் உற்சாகமாக V02387, V03056 இரண்டையும் முழுதாகப் பூட்டிவிட்டார். மறுநாள் காலை யூனிட்டின் வாசலில் சீல் வண்டி நிற்கிறது. பி.ஓ. பழைய கோடில் இருப்பதால் ஜி.ஆர்.என். போட முடியவில்லை. ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் மாலதிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, சரக்கை இறக்கவா, திருப்பி அனுப்பவா? லைன்ல பத்து மணிக்குத் தேவை."

பூட்டைத் திறந்தார்கள். அப்புறம் மாலதி உட்கார்ந்து வரிசையை எழுதினார். முதல் நாள் பூட்ட வேண்டியது புதிய பி.ஓ. போடும் வசதியை மட்டும், பெரும்பாலான ஈ.ஆர்.பி.களில் கொள்முதலுக்கு ஒரு பூட்டு, கணக்குப் பதிவுக்கு ஒரு பூட்டு என்று தனித்தனியாக உண்டு. அடுத்து திறந்திருக்கும் பி.ஓ.க்கள். ஒரு சீல்கூட வராதவற்றை ரத்து செய்து V01142-இல் புதிதாகப் போட்டார். பாதி வந்தவற்றில் வராத மீதியை அங்கே ரத்து செய்துவிட்டு, அந்த மீதிக்கு மட்டும் V01142-இல் புதிய பி.ஓ. போட்டார். புதிய எண்களைச் சப்ளையருக்கு எழுதி அனுப்பினார். இல்லாவிட்டால் அவர் பில்லில் பழைய எண்ணே வரும். சரக்கு வந்து பில் வராதவற்றைத் தொடவில்லை. அந்த பில் பழைய கோடிலேயே வந்துதான் பொருந்த வேண்டும். பாக்கி பில்களையும் முன்பணத்தையும் அக்கவுண்ட்ஸ் ஒரு மாற்றுப் பதிவு மூலம் V01142-க்குக் கொண்டுவந்தது.

முன்பணம் என்றதும் ஒன்று. V03056-இல் சீல் வார்க்கும் புதிய அச்சு செய்வதற்கான முன்பணம் ஒன்று வெகுநாளாகக் கழிக்கப்படாமல் கிடந்தது. அச்சுக்கான பில் V01142-இல் ஏறி முழுத் தொகையும் கொடுக்கப்பட்டிருந்தது. பில்லை ஏற்றியவர் முன்பணம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார், தன் கோடில். அங்கே இல்லை. லெட்ஜரில் இதுவும் ஆன் அக்கவுண்டில்தான் இருந்தது, ஆனால் முந்தைய ஆண்டில் வந்த பணம் என்பதால் அந்த ஆண்டின் பக்கத்தில்.

எல்லாம் வடிந்து, நிலுவை பூஜ்யம் ஆன பிறகு கணக்குப் பூட்டும் போட்டார்கள். பெயருக்கு முன்னால் "DO NOT USE - USE V01142" என்று சேர்த்தார்கள், பழைய கோடைத் தேடி வருபவர் எங்கே போக வேண்டும் என்று தெரிய.

இதே நேரத்தில் உள்தணிக்கை ஒரு பட்டியல் கொண்டுவந்தது: ஒரே முகவரி, ஒரே தொலைபேசி எண் உள்ள சப்ளையர்கள். அதில் நான்காவதாக ஒரு கதிரவன் இருந்தார்.

```
V01877   KATHIRAVAN RUBBER WORKS
```

முகவரி அதேதான், போன் அதேதான். இதையும் சேர்த்து இணைத்துவிடலாம் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. மாலதி வரி எண்ணைப் பார்த்தார்: வேறு. வங்கிக் கணக்கு: வேறு. சப்ளையரிடம் கேட்டார்.

"அது எங்க பெரியப்பா பையனோடது மேடம். ஒரே காம்பவுண்டு, ஒரே ரிசப்ஷன். கம்பெனி வேற. சேத்துடாதீங்க, அவர் பில்லு எனக்கு வந்தா வீட்ல சண்டை."

ஒருவரை மூவராகப் பார்ப்பதை விட, இருவரை ஒருவராக்குவது மோசமான தவறு என்று நான் நினைக்கிறேன். முதலாவதைப் பின்னால் கூட்டிவிடலாம். இரண்டாவதில் ஒருவருடைய பணம் சட்டப்படி வேறான இன்னொருவருக்குப் போய்விடும், பதிவுகளும் கலந்துவிடும், பிரிப்பது பெரும்பாடு. பெயரும் முகவரியும் போனும் சந்தேகத்தைக் கிளப்ப உதவும், அவ்வளவுதான். முடிவு செய்ய வரி எண் வேண்டும், துணைக்கு வங்கிக் கணக்கு வேண்டும். அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: ஒரே வரி எண்ணில் ஒரு சப்ளையருக்கு இரண்டு கோடு வேண்டுமென்றே திறந்திருப்பார்கள், சரக்கு ஒரு கிளையிலிருந்தும் பணம் இன்னொரு அலுவலகத்துக்கும் என்று. அவற்றைக் காரணம் எழுதி அப்படியே விட வேண்டும்.

மற்ற சப்ளையர்களில் எத்தனை பேர் இப்படி என்று பார்க்க மாலதி பெரிய மென்பொருள் எதையும் தேடவில்லை. சப்ளையர் பட்டியலை எக்ஸெலுக்கு இறக்கினார். C நெடுவரிசையில் வரி எண் இருக்கிறது என்று கொண்டால், F-இல் இப்படி:

```
="A"&UPPER(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(C2," ",""),"-",""),"/",""))
```

G-இல் இப்படி:

```
=COUNTIF(F:F,F2)
```

இடைவெளி, சிறு கோடு, சாய்கோடு மூன்றையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, ஒன்றுக்கு மேல் வருபவற்றை எண்ணுகிறது. முன்னால் அந்த "A" எதற்கு என்று பலர் கேட்பார்கள். COUNTIF, எண்ணைப் போலத் தெரியும் எழுத்துத் தொடரை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். எக்ஸெல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணைத் துல்லியமாக வைத்திருக்காது. நீண்ட வங்கிக் கணக்கு எண்களில் முதல் 15 இலக்கம் ஒன்றாக இருந்து கடைசி மட்டும் மாறினால், இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடும். முன்னால் ஒரு எழுத்து இருந்தால் அது எண்ணாகாது. அதே காரணத்துக்காக, இறக்கும்போதே அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட் ஆக எடுக்க வேண்டும். எண்ணாக இறக்கினால் கடைசி இலக்கங்களும் முன்னால் உள்ள பூஜ்யங்களும் போன பிறகு எந்தச் சூத்திரமும் மீட்டுத் தராது. "NA" என்றும் காலியாகவும் இருப்பவற்றை முதலில் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவையெல்லாம் ஒரே சப்ளையராகக் குவியும். வரி எண்ணுக்குச் செய்ததை வங்கிக் கணக்கு எண்ணுக்கும் செய்தார். வரி எண் இல்லாதவர்களை அதுதான் பிடித்தது. V03056 மாதிரி இரண்டுமே தப்புகிறவர்களைப் பிடிக்கவில்லை. அதற்கு லெட்ஜர்தான் வழி, பெரிய சப்ளையர்களிடம் கேட்டு வாங்கினார்கள்.

தள்ளுபடி விஷயம் முழுசாகக் கைக்கு வரவில்லை. முடிந்த ஆண்டுக்கு 44,600 என்ற கணக்கைக் காட்டி 7 சதவீதக் கிரெடிட் நோட் வாங்கினார்கள். அதில் திருப்பி அனுப்பிய சீல்களைக் கழிக்க வேண்டும் என்று சப்ளையர் சொன்னார். கழித்தும் 40,000-க்கு மேலேயே இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தத்தில் ஆண்டு முடிந்து குறித்த காலத்துக்குள் கேட்க வேண்டும் என்று இருந்தது, அந்தக் காலம் போய்விட்டது. மாலதி ஒரு முறை கேட்டுப் பார்த்தார், அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. புதிய ஒப்பந்தத்தில் தள்ளுபடி பில்லிலேயே கழிய வேண்டும் என்று மாற்றினார், அளவை வரி எண் அடிப்படையில் கணக்கிட வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தார்.

தர மதிப்பீட்டிலும் ஒரு திருத்தம் வந்தது. மூன்று கோடிலும் திருப்பி அனுப்பியது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருந்தது; சேர்த்துப் பார்த்தபோது ஒரே அளவு சீலில்தான் பெரும்பாலான குறை என்று தெரிந்தது. ஒரே அச்சின் தேய்மானம். அதைச் சப்ளையர் மாற்றினார்.

புதிய சப்ளையர் திறப்பதற்கு விதியும் மாறியது. வரிப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் கோடு கிடையாது. எண்ணில் எழுத்தும் இலக்கமும் தவிர எதுவும் ஏறாது. தேடலில் பெயரின் எந்தப் பகுதியைக் கொடுத்தாலும், எந்த யூனிட்டில் இருந்தாலும், எல்லாக் கோடுகளும் தெரியும். இதற்கு எதிர்ப்பு வந்தது ஸ்டோர்ஸிலிருந்து, அதிலும் நியாயம் இருந்தது.

"ராத்திரி மிஷின் நின்னா நான் சான்றிதழ் தேடிட்டு உக்காரவாம்மா?"

கோடு திறப்பதைக் கடினமாக்கினால் மக்கள் வேறு வழி தேடுவார்கள்: ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு சப்ளையரின் பெயரில் பில்லைப் போட்டுவிடுவார்கள். அது இரட்டைப் பதிவை விட மோசம். அதனால் ஒருமுறைக் கொள்முதலுக்கென்று ஒரு பொதுக் கோடு வைத்தார்கள், சிறிய தொகை வரம்போடு. அதில் ஏறும் ஒவ்வொரு பில்லிலும் விற்றவர் பெயரையும் வரி எண்ணையும் தட்டியாக வேண்டும். ஒரே வரி எண் அதில் இரண்டாம் முறை வந்தால் மாத முடிவில் மாலதியின் மேசைக்குப் பட்டியலாக வரும். அவர் அதைப் பார்த்து, ஏற்கெனவே கோடு இருக்கிறதா என்று தேடிவிட்டு, இல்லாவிட்டால் மட்டும் புதிதாகத் திறப்பார்.